பெட்டியில் அதிகமான இருநூற்று எழுபது

வீட்டில் என்னால் சும்மா உட்கார முடியாது என்று தெரிந்துதான் சித்தி என்னைத் தன் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாவரைக்கும் இயந்திரங்கள் விற்கும் சிறு கம்பெனி. சில்லறைச் செலவுப் பெட்டி அவள் பொறுப்பு. பார்த்த ஒவ்வொரு வரியிலும் சிவப்பு டிக் போடுவதால் எல்லோருக்கும் அவள் டிக்கக்கா.

மாத ஆரம்பத்தில் பெட்டியில் பத்தாயிரம் வைப்பார்கள். நான் போனதற்கு முந்தின நாள் மாலை, கணக்கு நோட்டுப்படி மூவாயிரத்து நானூற்றுப் பதினைந்து மீதி இருக்க வேண்டும். எண்ணினால் இருநூற்று எழுபது குறைந்தது. டயர் பழுது பார்க்கக் காசு வாங்கிப் போயிருந்த வேன் டிரைவரிடம் சித்தி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "ஏன் தம்பி, டயர் காசுல மிச்சம் ஏதாவது பையிலயே தங்கிடுச்சா?"

அவர் முகம் சுண்டிப்போனது. சித்தி மேனேஜரிடம் சொல்லப் போனாள். பெட்டி மேஜைமேல் திறந்தே கிடந்தது.

மறுநாள் காலை என் முன்னால் எண்ணினால், நோட்டும் பெட்டியும் அச்சாகப் பொருந்தின.

"அப்பாடா! விடுங்க, நேத்து தப்பா எண்ணியிருப்பீங்க" என்றார் மேனேஜர்.

"ரெண்டு தடவை எண்ணினேன் சார். நேத்து இல்லாத காசு ராத்திரியில குட்டி போட்டுச்சா?"

வவுச்சர்களை நான் வாசிக்க, அவள் கூட்டினாள். ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்து. பெட்டியில் இருந்ததையும் சேர்த்தால் பத்தாயிரத்து இருநூற்று எழுபது. கம்பெனி கொடுத்ததே பத்தாயிரம்தான்.

சித்தி பேனாவைக் கீழே வைத்தாள். "யாரோ தன் காசைப் போட்டிருக்காங்கடி. நேத்து பெட்டி சரியாத்தான் இருந்திருக்கு. நோட்டுதான் தப்பு."

"எங்க தேடறது?"

"இருநூத்தி எழுபது ஒன்பதால மீதியில்லாம வகுபடுது பாரு. இலக்கத்தை இடம் மாத்தி எழுதினா இப்படித்தான் வரும்."

ஒவ்வொரு வவுச்சரையும் நோட்டின் வரியோடு ஒப்பிட்டோம். டயர் வவுச்சரில் அறுநூற்று முப்பது. நோட்டில் முந்நூற்று அறுபது. சித்தியின் கையெழுத்து. பக்கத்திலேயே அவள் போட்ட சிவப்பு டிக்.

தப்பான தொகையை ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் போட்டாள். பிறகு இருநூற்று எழுபதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். டிரைவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது உன்னுதுதானே?"

"விடுங்கக்கா. கணக்கு சரியானா போதும்."

"உன் காசு உள்ள இருக்கற வரைக்கும் என் கணக்கு தப்புதான். உள்ள வா."

நேற்று கேட்ட அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் நின்று சொன்னாள்: "தப்பா எழுதினது நான். இவரைக் கேட்டிருக்கவே கூடாது. மன்னிச்சுடு தம்பி."

டிரைவர் ரூபாய் நோட்டுகளை வாங்கி, நிதானமாக விரித்தார்.

"எண்ணிப் பாத்துக்கறேன்க்கா. மிச்சம் ஏதாவது உங்க பையிலயே தங்கிடுச்சோ என்னவோ."

ஆபீசே சிரித்தது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

"எண்ணு" என்றாள். அவர் எண்ணி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.