நோண்டியின் கை

கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் அவன் காலைத்தான் பார்ப்பார்கள். "இங்க நொண்டின்னு ஒருத்தர் மிக்சி ரிப்பேர் பண்றாராமே?" என்று கேட்டுக்கொண்டே பார்வை கீழே இறங்கும். கால் இரண்டும் கல்லுக் குண்டாட்டம் இருக்கும். பிறகு அவனே சொல்லுவான்: "நொண்டி இல்லைங்க, நோண்டி. குறையெல்லாம் கையில."

பேர் வைத்தது பள்ளிக்கூடத்தில். பேனாவைக் கொடுத்தால் எழுத மாட்டான், கழற்றுவான். வளர்ந்தும் அந்தப் புத்தி போகவில்லை. மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி என்று கெட்டுப்போனதைத் திறந்தால் தொழில் என்று விட்டுவிடலாம். இவன் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதையும் திறந்து பார்ப்பான். மனைவி அவனை முதன்முதலில் பார்த்ததே கடையில்தான். இஸ்திரிப்பெட்டியைச் சரிபண்ணக் கொண்டுவந்தவளிடம் பேசிக்கொண்டே, அவள் மேசைமேல் கழற்றி வைத்த கைக்கடிகாரத்தையும் பிரித்துவிட்டான். அது ஒழுங்காக மணி காட்டிக்கொண்டிருந்த கடிகாரம். திரும்பச் சேர்த்துக் கொடுக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அவள் தினம் வந்து சண்டை போட்டாள், அப்புறம் சண்டை இல்லாமலும் வந்தாள். கல்யாணம் அப்படி முடிந்தது.

இப்போது மனைவிக்குப் பல்பொருள் அங்காடியில் பில் போடுகிற வேலை. மகள் இரண்டாம் வகுப்பு. வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவாள். அப்பா கழற்றிக் கொடுக்கிற திருகாணிகளைக் காந்தத் தட்டில் அடுக்குவது அவள் வேலை. அடுக்குகிறாளோ இல்லையோ, வாய் ஓயாது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பதைவிடப் பெரிய சுகம் எதுவும் நோண்டிக்குத் தெரியாது. சனிக்கிழமை தோறும் அவளுக்கு நகம் வெட்டிவிடுவதும் அவன்தான். "அம்மா வெட்டினா வலிக்குது, அப்பா வெட்டினா தெரியவே இல்ல" என்று அவள் சொன்னதை வாடிக்கைக்காரர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வான்.

அந்தக் கொப்புளங்களை முதலில் பார்த்தது மனைவி. குளிப்பாட்டும்போது முழங்கையின் உள்மடிப்பில் ஐந்தாறு தட்டுப்பட்டன. தோல் நிறத்திலேயே, கொஞ்சம் பளபளப்பாக, கடுகைவிடப் பெரிதாக உருண்டு திரண்டு இருந்தன. வலி இல்லை, காய்ச்சல் இல்லை.

"பாலுண்ணி மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றாள்.

ஞாயிறு வரைக்கும் பொறுத்திருந்தால் அவன் நோண்டி இல்லையே. மறுநாள் சாயங்காலம் கடையில் மகளின் கையைப் பிடித்து விளக்கடியில் வைத்து, நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தான். ஒவ்வொரு கொப்புளத்தின் நடுவிலும் சின்னதாக ஒரு குழி. குண்டூசியால் தொட்டு அமுக்கினது போல அவ்வளவு அச்சாக இருந்தது. அவன் கண்ணுக்கு அது திருகாணித் தலையாகத் தெரிந்தது. திருகாணித் தலையில் குழி எதற்கு இருக்கிறது? இங்கே வைத்துத் திருப்பு என்று சொல்லத்தானே. கை பரபரத்துவிட்டது.

ஊசியை லைட்டரில் காட்டினான். "ஒண்ணுமில்லடா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றான். குழியில் குத்தி நெம்பினான். உள்ளேயிருந்து மெழுகுத் துணுக்கு மாதிரி வெள்ளையாக ஒன்று பிதுங்கி வந்தது. பின்னாலேயே ரத்தம். வாலு போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். அதோடு நிறுத்தினானா? இதோ வேர் வந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்ததையும் அமுக்கினான். துணியால் கையை மேலும் கீழுமாகத் துடைத்துவிட்டான். அவள் அழுதுகொண்டே அந்த இடத்தைச் சொறிந்தாள்.

வீட்டில் மனைவி திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கோபத்தில் ஞாயிற்றுக்கிழமை டாக்டர் விஷயமும் அடிபட்டுப்போனது. மற்றவை சும்மாதானே இருக்கின்றன என்று விட்டுவிட்டார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், குத்தின இடத்தைச் சுற்றிலும் குட்டிக் குட்டியாகப் புதுசு. சொறிந்த கோட்டிலேயே வரிசையாக நாலைந்து. அக்குளுக்குப் பக்கத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும்கூட. குத்தின இடத்தில் மட்டும் கொப்புளம் இல்லை, சின்னப் பள்ளமாக ஒரு தழும்பு இருந்தது.

தோல் டாக்டர் அம்மா விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். தழும்பில் விரல் நின்றது.

"இதை யார் நோண்டினது?"

நோண்டி, தன்னைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டான். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இவருதான் டாக்டர். இவரு பேரே அதுதான்."

டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. பிறகு நிதானமாகச் சொன்னார். "பாலுண்ணின்னு நீங்க சொல்றது சரிதான். நாங்க மொலஸ்கம்னு சொல்லுவோம். இது ஒரு வைரஸ். நடுவுல குழி தெரியுதில்ல, அதுக்குள்ளதான் அந்த வெள்ளைக் கட்டி. அது பூரா வைரஸ். அதைப் பிதுக்கி வெளிய எடுத்து, துணியால இழுத்து விட்டா என்ன ஆகும்? விதைச்ச மாதிரிதான். சொறிஞ்சாலும் அப்படித்தான். தோலோட தோல் உரசினா, ஒரே துண்டால பல பேர் துடைச்சா, அடுத்தவங்களுக்கும் ஒட்டும்."

"அப்ப எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர்."

"எடுக்கலாம். சுரண்டலாம், குளிர வச்சு உறைய வைக்கலாம். வலிக்கும், தழும்பும் விழலாம். இவளுக்கு அது தேவையில்ல. தானாப் போயிடும்."

"தானாவா? எப்படிங்க?"

"இது தோலோட மேல் அடுக்குலயே ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. ரத்தத்துக்குள்ள இறங்கறதில்ல. அதனால உடம்புக்கு ரொம்ப நாளைக்கு இது இருக்கிறதே தெரியாது. ஒரு நாள் கண்டுபிடிச்சிடும். அப்புறம் அதுவே துரத்திடும். மாசக்கணக்குல ஆகும், சில பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகும். அவளுக்குன்னு தனித் துண்டு வையுங்க. நகத்தை ஒட்ட வெட்டுங்க. சட்டையால மூடி வச்சு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. விளையாடட்டும்."

"நான் என்ன பண்ணணும்?" என்றான் நோண்டி.

"நீங்க ஒண்ணும் பண்ணக் கூடாது சார்."

பிழைப்பே கையில் இருக்கிற மனுஷனுக்கு இதைவிடக் கடினமான வைத்தியம் உண்டா? வீட்டில் காலிங்பெல்லைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். குழாய், கதவுத் தாழ்ப்பாள், மனைவியின் குடை, எதையும் விட்டுவைக்கவில்லை. கொப்புளங்கள் இருந்தபடியே இருந்தன. சிலது பெருத்தன. நடுக்குழி இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் அவன் மனசை அறுத்தது கொப்புளம் இல்லை. வாலு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அம்மா வேலை செய்யும் அங்காடியின் பின்னறையில் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். வீட்டிலும் முழுக்கைச் சட்டைதான். அப்பா பக்கத்தில் வந்தால் கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். முதல் சனிக்கிழமை நகவெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவனைத் தாண்டிப்போய் அம்மாவிடம் கையை நீட்டினாள். வலித்தது, முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். நோண்டி நகவெட்டியை மடக்கி வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். அழுகை வந்தது. கடையில் காந்தத் தட்டில் திருகாணிகள் குவியலாகக் கிடந்தன, அடுக்க ஆள் இல்லை.

மாதங்கள் போயின. ஒரு நாள் மனைவிக்கு வேலைநேரம் மாறி, மகள் அவனோடு வீட்டில் இருந்தாள். சட்டைக்கு மேலேயே கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அரிக்குதாடா?"

"ம்."

"காட்டேன், பார்க்கிறேன்."

"மாட்டேன். நீ குத்துவ."

"குத்த மாட்டேன்டா."

"அன்னிக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்ன."

அவள் சொன்னது உண்மைதானே. வாலு எழுந்து போய் அவனுடைய கருவிப் பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துவந்தாள். "கையை நீட்டு" என்றாள். நீட்டினான். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்துச் சுற்றோ சுற்றென்று சுற்றினாள். ஒயருக்கு டேப் சுற்றுவதை அவனிடமே பார்த்துக் கற்றவள், இழுத்துப் பிடித்துத்தான் சுற்றினாள். அதற்கப்புறம்தான் சட்டைக் கையை மடித்தாள்.

கொப்புளங்கள் எல்லாம் சிவந்து வீங்கியிருந்தன. சுற்றியிருந்த தோலும் வறண்டு சிவந்திருந்தது. இவ்வளவு நாள் சும்மா இருந்ததற்கு இதுதான் பலனா? அழுகுகிறதா? கட்டு மட்டும் இல்லாவிட்டால் கை எங்கே போயிருக்குமோ அவனுக்கே தெரியாது.

"டாக்டருக்குப் போன் போடுடா. நான் நம்பர் சொல்றேன்."

வாலு எண்ணை அழுத்தி, போனை அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கேட்டார்: காய்ச்சல் இருக்கா? சீழ் வடியுதா? சிவப்பு கை முழுக்கப் படருதா? தொட்டா ரொம்ப வலிக்குதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். அரிப்பு மட்டும்தான்.

"அப்ப பயப்படாதீங்க சார். உடம்பு கண்டுபிடிச்சிடுச்சு. சண்டை ஆரம்பிச்சா இப்படித்தான் சிவக்கும். பெரும்பாலும் போகப்போறதுக்கு அடையாளம். காய்ச்சலோ சீழோ வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. நாளைக்கு எப்படியும் ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்க. அதுவரைக்கும் நோண்டாதீங்க."

"கை கட்டியிருக்கு டாக்டர்" என்றான் நோண்டி.

மனைவி வேலை முடிந்து வந்தபோது, கட்டின கையோடு கணவன் சோபாவில் இருந்தான். பக்கத்தில் மகள் கதைப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். மனைவி போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

மறுநாள் பார்த்துவிட்டு டாக்டரும் அதையேதான் சொன்னார். அடுத்த சில வாரங்களில் கொப்புளங்கள் ஒவ்வொன்றாகப் பொருக்குத் தட்டின, சுருங்கின, உதிர்ந்தன. அங்கங்கே லேசான நிறமாற்றம் இருந்தது, அதுவும் மங்கிக்கொண்டே வந்தது. மிச்சம் நின்றது ஒன்றே ஒன்றுதான். முழங்கை மடிப்பில், ஊசி போன இடத்தில், அந்தப் பள்ளம்.

சனிக்கிழமை கடைக்கு வாலு வந்தாள். அரைக்கைச் சட்டை. காந்தத் தட்டை இழுத்து வைத்து, குவிந்து கிடந்ததைப் பார்த்து, "என்னப்பா இப்படிப் போட்டு வச்சிருக்க" என்று அலுத்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து நகவெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

நோண்டி அதைத் தொடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து டேப்பை எடுத்துத் தயங்கித் தயங்கி அவளிடம் நீட்டினான்.

"லூசாப்பா நீ? கையைக் கட்டிட்டா எப்படி வெட்டுவ?" என்று சொல்லிவிட்டு, தழும்பு இருந்த கையை அவன் மடியில் வைத்தாள்.