சுண்டு விரலுக்காக

தொழுநோய்க்குக் கண்டி ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து மாத்திரை அட்டைகள் வாங்கி, பாதிக் காலம்வரை சாப்பிட்டிருந்தேன். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் என் கணவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. தேமல்கள் மங்கிக்கொண்டு வந்தன. நிம்மதியாக இருந்தேன்.

ஒரு காலையில் கன்னத்திலும் முழங்கைக்குக் கீழும் புதிதாகச் சிவந்த தடிப்புகள். தொட்டால் வலித்தது. முழங்கையின் உள்பக்கத்திலிருந்து சுண்டு விரல்வரை நரம்பு சுண்டி இழுத்தது. கிளினிக் நாள் தூரத்தில் இருந்ததால், கணவர் என்னைக் கடைவீதியில் மருந்துக் கடை வைத்திருந்தவரிடம் கூட்டிப்போனார். அவர் டொக்டர் இல்லை. ஆனாலும் ஊசி போடுவார்.

"மாத்திரை ஒத்துக்கல. உடனே நிப்பாட்டுங்க. ஊசி போட்டு எண்ணெய் தாறேன், ஆறிப்போகும்" என்றார்.

நம்பி மாத்திரையை நிறுத்தினேன். நாளுக்கு நாள் வலி கூடியது. கொழுந்து பறிக்கையில் சுண்டு விரல் மட்டும் விலகியே நின்றது. பயந்து கிளினிக்குக்கு ஓடினோம்.

டொக்டர் அம்மா என் முழங்கையின் உள்பக்கம் லேசாக அழுத்தினார். துடித்துப்போனேன். விரல்களை விரிக்கச் சொல்லி, தன் விரலால் எதிர்த்து அழுத்திப் பார்த்தார்.

"மருந்து கெடுதல் பண்ணல. நோயும் திரும்பி வரல. உடம்பு கிருமியோட சண்டை போடுது, அந்தச் சண்டையில நரம்பு வீங்குது. சிவப்பு வந்த அன்னைக்கே வந்திருக்கணும்மா. வீக்கத்தைச் சீக்கிரம் இறக்காட்டி நரம்பு செத்துரும், விரல் மடங்கிப்போகும்."

"அப்ப அந்த மாத்திரை?"

"அதை நிறுத்தவே கூடாது. அதோட ஸ்டீரொயிட் மாத்திரையும் தாறேன். நீங்களா நிறுத்தாதீங்க, நான்தான் கொஞ்சங்கொஞ்சமாக் குறைப்பேன்."

சில வாரங்களில் வலி அடங்கியது, சிவப்பு வற்றியது. சில மாதங்களில் கை மறுபடி பலம் பெற்றது. சுண்டு விரல் பாதிதான் திரும்பியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மருந்துக் கடைக்காரர் முகம்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைந்திருந்த நேரத்தில் அங்கே போனேன்.

"எனக்குத் தொழுநோய்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். "மருந்து சாப்பிட்டுக் குணமாகிட்டு வருது. இந்த விரல நோய் எடுக்கல. டொக்டர்கிட்டப் போக வேண்டிய நேரத்துல என்னய ஊசி போட்டு நிறுத்தி வச்சவரு இவருதான்."

அவர் முகம் வெளிறியது. "வெளிய போய்ப் பேசுவமே" என்று கெஞ்சினார்.

"இங்கயே பேசுவோம். மருந்து சாப்பிடுறப்ப புதுசா சிவந்து நொந்தா, நரம்பு வலிச்சா, இவர்கிட்ட வராதீங்க. நேரா கிளினிக் போங்க."

அத்தோடு விடவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பிஎச்ஐ மாத்தயாவிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். சுகாதாரத்துக்காரர்கள் வந்தார்கள், ஊசிகளை எடுத்துப்போனார்கள், பிறகு கடையும் மூடியது. தோட்டத்தில் சிலர் என் கையால் தண்ணீர் வாங்கக் கூசினார்கள். அது வலித்தது. "பாவம், கடைக்காரரு பிள்ளகுட்டிக்காரர், மன்னிச்சிருக்கலாம்" என்றார் கணவர்.

மூடிய அந்தக் கதவைக் கடக்கும்போது இன்றும் நடையைக் குறைத்து, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.