ஒன்பதும் பதினைந்தும்

ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை என்னைப் பழைய மென்பொருள் நிறுவனத்துக்கு அழைப்பார்கள். மென்பொருளைக் கையால் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலைக்கு வருபவர்களை நேர்முகத் தேர்வில் மடக்க வேண்டும். கேள்வித்தாள், விடைக்குறிப்பு, தேர்வு விதிகள் எல்லாம் நான் எழுதியவை. என்னைப் போன்றவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வோம்.

அன்று கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். முப்பது வயதிருக்கும்.

"சென்னையிலயும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்காக சார். இங்க கிடைச்சா பிள்ளையை விட்டுட்டுப் போக வேண்டாம்" என்றார்.

நான் தலையாட்டிவிட்டுக் கேள்வியைக் கொடுத்தேன். லாகின் பக்கம், கடவுச்சொல் எட்டு முதல் பதினாறு எழுத்து வரை, சோதனைகளை எழுதுக.

அவர் முதலில் மூன்று வகுப்பாகப் பிரித்தார்: எட்டுக்குக் குறைவு, எட்டு முதல் பதினாறு, பதினாறுக்கு மேல். வகுப்புக்கு ஒன்றாக நான்கு, பன்னிரண்டு, இருபது எழுத்து. பிறகு எல்லைகள்: ஏழு, எட்டு, பதினாறு, பதினேழு. எட்டு, பன்னிரண்டு, பதினாறு மூன்றுக்கும் அந்தந்த நீளத்துக் கடவுச்சொல்லோடு முன்பே பதிந்த கணக்குகள் வேண்டும் என்று ஓரத்தில் குறித்திருந்தார். பலர் இதை மறப்பார்கள்.

"ஒன்பதும் பதினைந்தும் எங்கே?"

"எல்லையும் அதுக்கு வெளியே ஒண்ணும் போதும் சார். ஒம்போது, பதினஞ்சு எல்லாம் பன்னெண்டு இருக்கிற கூட்டத்துலதான வருது. அதையும் சேர்க்கிற முறை உண்டுதான். எந்த முறைன்னு கேள்வியில போடலையே?"

போடவில்லை. பதினோரு வருடமாகப் போடவில்லை. யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தது.

என் விடைக்குறிப்பில் ஒன்பதும் பதினைந்தும் சேர்த்து எல்லை மதிப்புகள் ஆறு; ஒன்றுக்கு ஒரு மதிப்பெண், தேர்ச்சிக்கு ஐந்து. நான்கு போட்டேன். தாளை வாங்கிய ஹெச்ஆர் தம்பி, "ஃபெயிலா சார்? நல்லா சொன்னுச்சே அந்த அக்கா" என்றார்.

"விடைக்குறிப்பு சொல்றதுதான் மார்க்."

இரவெல்லாம் உறங்காமல் கிடந்தேன் என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் துலக்கும்போதுதான், அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும் என்பதை ஒப்புக்கொண்டேன். தம்பிக்குப் போன் செய்தேன்.

"மார்க்கை நேத்தே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன் சார். ஃபெயிலானா ஆறு மாசத்துக்கு அந்தப் பேரை அது திரும்ப எடுக்காது. நீங்க எழுதுன விதிதான?"

கேள்வியைத் திருத்தினேன். அது யாருக்குப் பயன்?

இரண்டு வாரம் கழித்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கணவர் தோளில் குழந்தை. அதன் ஒரு கை அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்திருந்தது.

"சென்னைக்குப் போறேன் சார். அங்கயும் இதே கேள்விதான் கேட்டாக. ஒம்போதையும் பதினஞ்சையும் சேர்த்தே எழுதிட்டேன். உங்க புண்ணியம்."

"நீங்க முதல்ல எழுதினதும் சரிதான்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"பத்திரமா போயிட்டு வாங்க" என்றேன். அவர் துப்பட்டாவிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.