புறங்கையில் தொட்ட அகில்

தொண்ணூறுகளில் உக்கடத்தில் எனக்கு அத்தர் கடை இருந்தது. ரசாயனம் கலந்து செய்த, ஊது எனப்படும் அகில் அத்தரை விற்றுவிற்று, அகிலின் வாசனை அதுதான் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் காலை வியாபாரி ஒருவர் அசல் அகில் எண்ணெய் கொண்டுவந்தார். அவர் சொன்ன விலைக்கு என் கடையையே வாங்கிவிடலாம். மூடியைத் திறந்தால் மாட்டுக்கொட்டகை நாற்றம்.

"கெட்டுப்போன சரக்குங்க பாய்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என் இடது புறங்கையில் கடை அத்தரையும் வலதில் அவருடைய எண்ணெயையும் தொட்டுவைத்தார். பிறகு இரண்டு அகில் துண்டுகளைத் தண்ணீர் டம்ளரில் போட்டார். வெளிறியது மிதந்தது, கறுத்தது கல்லைப்போல் மூழ்கியது.

"முழுகறதுதானுங்க ஒசந்த தரம். நல்லா இருக்கிற மரம் மணக்காது. காயம்பட்டு, பூஞ்சை ஏறி, வருசக்கணக்கா பிசின் ஊறோணும். அதுவும் எல்லா மரத்துலயும் ஊறாதுங்க. சாயங்காலம் மோந்து பாருங்க."

சாயங்காலம் இடது கை காலையில் மணந்தபடியே மணந்தது. வலது கையில் கொட்டகை நாற்றம் போய், கரும்பாலையில் பாகு காயும் வாசம் எழுந்திருந்தது. வீட்டில் மனைவி அந்தக் கையை விடவே இல்லை.

"ஏனுங்க, இதைக் கழுவிப்போடாதீங்க," என்றாள்.

அன்று முதல்முறையாக ஸ்பூனில் சோறு தின்றேன்.