இரண்டு மாதம் முந்திப் பிறந்தவள்

ஏலவார்குழலி அடுப்படியில் மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்தாள். கட்டி தட்டாமல் கிண்டுவதில் அவள் கெட்டிக்காரி. கூடத்தில் ஐந்து சார்ட் தாள்கள் கிடந்தன. கைக்குழந்தை, தளிர்நடைப் பருவம், பள்ளிக்கு முந்திய வயது, பள்ளி வயது, வளரிளம் பருவம் என்று தாளுக்கு ஒன்று. எந்த வயதில் என்ன எடை, என்ன உயரம், என்ன செய்யும் பிள்ளை என்பதெல்லாம் அவள் கையெழுத்தில். ஒட்டிச் சுருட்டித் திங்கட்கிழமை நர்ஸிங் பள்ளியில் கொடுக்க வேண்டும்.

முப்பத்து மூன்று வயதில் வகுப்பிலேயே மூத்த மாணவி அவள்தான். அதற்கு முன் எட்டு வருஷம் செல்போன் தொழிற்சாலை லைனில் தரப் பரிசோதனை. அளவுக்கு உள்ளே இருந்தால் பாஸ், ஒரு மயிரிழை வெளியே போனால் சிவப்புத் தட்டு. அந்தக் கண் இன்னும் மாறவில்லை.

பன்னிரண்டு வயது யுவஸ்ரீ கடைசித் தாளைக் குனிந்து பார்த்தாள்.

"யம்மா, என் கிளாஸ்ல எல்லாரும் சரசரன்னு வளந்துட்டாளுங்க. நான் மட்டும் இன்னா இப்புடி கட்டையா கீறேன்?"

"அதுக்கெல்லாம் ஒரே தேதி கெடையாதுடி. எட்டுலயிருந்து பதிமூணு வயசுக்குள்ள எப்ப வேணா ஆரம்பிக்கும். படிச்சுப் பாரு."

"அப்போ உன் சார்ட்டே சும்மாவா?"

"சும்மா இல்லடி வாயாடி. முதல் தாளை இப்புடித் தள்ளு."

முதல் தாளுக்குப் பசை தடவும்போதுதான் அடியில் தானே எழுதிய வரி கண்ணில் பட்டது. 'குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, இரண்டு வயது வரை, முந்திப் பிறந்த வாரங்களை வயதிலிருந்து கழித்துவிட்டே வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும்.' தூரிகை அப்படியே நின்றது.

போன புதன்கிழமை தடுப்பூசி முகாமில் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தது அவள்தான். பாண்டிச்செல்வியின் பெண் குழந்தை. ஆறு மாதம், ஐந்தரைக் கிலோ. புள்ளி சரியான எடைக்கான பச்சையை விட்டுக் கீழே மஞ்சளில் விழுந்தது. "எடை கம்மியா கீது, பால் பத்தலையோ இன்னாவோ" என்று வாயும் சும்மா இருக்கவில்லை. அட்டையின் முதல் பக்கத்தில் முப்பத்திரண்டு வாரத்தில் பிறந்தது என்று எழுதியிருந்ததை அவள் புரட்டிப் பார்க்கவே இல்லை.

ஆசிரியை ஹேமாம்புஜத்துக்குப் போன் போட்டாள். அவர் திட்டவில்லை. "இப்பவே போய்ச் சொல்லிட்டு வாம்மா. புதன்கிழமை நர்ஸம்மாகிட்டயும் சொல்லி, அட்டையில திருத்தி எழுதணும்" என்றார்.

பசைக் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துச் சுங்குவார்சத்திரம் போனாள். வரிசை வீடுகளில் நாலாவது. புருஷன் இசக்கிபாண்டி பகல் ஷிப்டில். பாண்டிச்செல்வி பால்பவுடர் டப்பாவைத் திறந்து கரண்டியால் அளந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் புது புட்டி.

"வாங்கக்கா. நீங்க சொன்னதுலேருந்து டப்பாப் பாலுதான். எங்க மாமியாக்காரி ஊர்லேருந்து போன்ல, 'ஒனக்குப் பாலு தண்ணியா இருக்குட்டி, பிள்ளய இங்க கொண்டாந்து விடு'ங்காவ. ஞாயித்துக்கெழம ரயிலுக்குச் சீட்டு போட்டாச்சு."

ஏலவார்குழலி தரையில் உட்கார்ந்தாள்.

"செல்வி, தப்பு என்னுது. உம் பாலுல ஒரு குறையும் இல்ல."

அட்டையை வாங்கி, பென்சிலால் காட்டினாள். குழந்தை ரெண்டு மாசம் முந்திப் பிறந்திருக்கிறாள். அந்த ரெண்டு மாதத்தைக் கழித்தால் இப்போது நாலு மாதக் கணக்கு. நாலு மாதத்துக்கு ஐந்தரைக் கிலோ பச்சைக்குள்தான். முந்திய மாதங்களின் புள்ளிகளையும் அப்படியே இடது பக்கம் தள்ளி வைத்தாள். எல்லாம் பச்சைக்குள்ளேயே, அச்சடித்த கோட்டுக்குத் துணையாக நடந்து வருவதுபோல் ஏறின.

"பாரு, ஒரு மாசம்கூட எடை ஏறாம நிக்கல. உம் பாலுலதான் இவ்ளோ தூரம் ஏறி வந்திருக்கா."

பாயில் குப்புறப் படுத்திருந்த குழந்தை தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தது. நாலு மாதப் பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்கிறாள் என்று ஏலவார்குழலி மனதுக்குள் குறித்துக்கொண்டாள். நாக்கைச் சொடுக்கினாள். குழந்தை சத்தம் போட்டுச் சிரித்தது.

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. பென்சில் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனாள்.

"மூணு நாளா அழுதேங்கா" என்றாள். "பிள்ளய பட்டினி போட்டுட்டமேன்னு."

ஏலவார்குழலி பால்பவுடர் டப்பாவை மூடி ஓரமாக நகர்த்தினாள். லைனில் தவறாக ஒதுக்கிய போனை எடுத்துத் திரும்ப வைத்துவிடலாம்.

"மறுபடி நெஞ்சுல போடு. அடிக்கடி போட்டா பால் ஊறிடும். நாளைக்கும் வந்து கூட உக்காருறேன்" என்றாள். பிறகு, "ரயில் சீட்டை கேன்சல் பண்ணிடுறியா செல்வி?" என்று கேட்டாள்.

குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. பாண்டிச்செல்வி புட்டியைப் பார்த்தாள், எடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, சேலைத் திரையை விலக்கி உள்ளறைக்குப் போனாள்.