பக்கிரி அண்ணனின் சந்தனப் பொட்டு

எங்கள் அலுவலகத்தில் லேப்டாப் வாங்குவதைவிடப் பெண் பார்த்துக் கல்யாணம் முடிப்பது சுலபம். காரணம் பக்கிரிசாமி, எங்கள் அட்மின். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு பில் போட்டுக் கொடுக்கும் அறுபது பேர் கம்பெனி இது. நான் இங்கே எச்.ஆர். சம்பளம் எனக்குத்தான் கூட. ஆனாலும் அவரிடம் எல்லாருக்கும் பயம், எனக்கும்.

முன்பு சீசன் வேலையாக நெல் கொள்முதல் நிலையத்தில் இருந்தவர். கைப்பிடி நெல்லை அள்ளி முகர்ந்து பார்த்தே ஈரப்பதம் சொல்வாராம். அந்தப் பார்வையை அப்படியே லேப்டாப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒப்படைப்புப் படிவத்தில் 'பொருளின் நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. ஊரில் எல்லாரும் 'நன்று' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் டார்ச் அடித்து, 'இடது மூலையில் நெல் நீளத்துக்குக் கீறல், சார்ஜர் வயரில் ஒரு மடிப்பு' என்று எழுதுவார். நாலு பக்கமும் போட்டோ. இரண்டு பிரதி. பிறகு விதிகளைச் சத்தமாக வாசிப்பார்: யாருக்கும் இரவல் தரக்கூடாது, பாஸ்வேர்டு சொல்லக்கூடாது, பழுதானால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் காரணத்தோடு எழுதித் தரவேண்டும். தானாகத் தேய்ந்தால் கம்பெனி செலவு, கவனக்குறைவு என்றால் வைத்திருப்பவர் செலவு. சிரித்தால் முதலிலிருந்து வாசிப்பார்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆசியா வேலையை விட்டாள். அதிராம்பட்டினத்துப் பெண். சென்னையில் நல்ல வேலை, திங்கட்கிழமை சேரவேண்டும். எங்கள் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் அங்கே உள்ளே விடமாட்டார்கள். அதில் கையெழுத்துப் போட எனக்கு நோ டியூஸ், அதாவது பாக்கி ஏதுமில்லை என்ற சீட்டு, வேண்டும். நோ டியூஸ் பக்கிரி அண்ணன் கையில்.

அவள் திருப்பித் தந்த லேப்டாப்பின் ஒவ்வொரு துளையிலும் அவர் மவுஸைச் செருகிப் பார்த்தார். வலது பக்க யூஎஸ்பி உயிரில்லாமல் கிடந்தது.

"என்னம்மா இது? வாங்கும்போது மூணும் வேலை செஞ்சுது. இந்தா, உன் கையெழுத்து."

"ஆமாண்ணே."

"எப்ப போச்சு?"

"கொஞ்ச நாளாச்சு. நான் இடது பக்கமே வச்சு ஓட்டிக்கிட்டேன்."

"எழுதித் தரலையே! எதனால போச்சு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியலண்ணே. என் பேர்லயே போட்டுக்குங்க. மூணரைக்கு பஸ்ஸு."

எனக்குக் கோபம் வந்தது. நாலு வருஷம் ஒரு நாள் லேட்டாக வராத பெண். ஒரு துளைக்காக அவள் பேரில் கவனக்குறைவு என்று எழுதுவதா? ஆனால் பக்கிரி அண்ணன் காரணம் இல்லாமல் கட்டத்தை மூடமாட்டார். சிஸ்டம் பார்க்கும் ராஜராஜனைக் கூப்பிட்டார். அவன் குண்டூசியால் துளையைச் சுரண்டினான். மஞ்சளாக ஏதோ பொடி உதிர்ந்தது.

பக்கிரி அண்ணன் அதை விரலில் தொட்டார். பழக்கதோஷம், முகர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், முகம் சுருங்கிப் போயிற்று.

ஆயுத பூஜை! வருஷா வருஷம் எல்லா லேப்டாப்பையும் வாங்கி மேசையில் வைத்துப் பொட்டிடுவது அவர்தான். போன முறை மேசையில் இடம் போதாமல் எல்லாவற்றையும் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைத்தார். மூடி தெரியவில்லை. மேலே தெரிந்த வலது விளிம்பிலேயே சந்தனம் வைத்தார். அன்றைக்கு அம்மிணி கரைத்த சந்தனம் ரசம் மாதிரி இருந்தது. அம்மிணி நான்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் ஆசியாவிடம், மெதுவாக.

"மறுநாளே பார்த்துட்டேண்ணே. எழுதிக் குடுத்தா காரணம் எழுதணும். காரணம்னா உங்க பேரை எழுதணும். எனக்கு நல்ல வேலை கிடைக்கணும்னு சொல்லிட்டே வச்சீங்க. அதைப் போயி எப்படிண்ணே கம்ப்ளெயின்ட்டா எழுதுறது?"

ராஜராஜன் குண்டூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சந்தனம் கரைத்த பாவத்துக்கு நான் மேசையில் உதிர்ந்த பொடியைத் துடைத்தேன்.

பக்கிரி அண்ணன் பேனாவைத் திறந்தார். 'வலது யூஎஸ்பி பழுது. காரணம்: சந்தனம். பொறுப்பு: பக்கிரிசாமி, அட்மின். பணியாளர் மேல் பாக்கி ஏதுமில்லை' என்று எழுதி, இரண்டு பிரதியிலும் கையெழுத்திட்டார். நான் கடிதத்தை நீட்டினேன். தன் பைக்கிலேயே அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு லேப்டாப் எதையும் அவர் தொடவில்லை. படிவக் கட்டுகளை மட்டும் மேசையில் வைத்தார். மேலே ஆசியாவின் படிவம். கெட்டியான சந்தனத்தில் ஒரே ஒரு பொட்டு.

மறுநாள் ஃபைலில் வைக்க எடுத்தபோது பார்த்தேன். பொட்டுக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தார்: 'தாளின் நிலை: மேல் வலது மூலையில் சந்தனக் கறை ஒன்று. காரணம்: நானே. அழிக்க வேண்டாம்.'