கட்டை விரலுக்கு அடியில் ஒரு மாதம்

தாம்பரத்தில் செல்போன் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது போனைப் பற்றி அல்ல, அட்டைப்பெட்டியைக் கையில் பிடிப்பது பற்றி. பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள எண், அதிகபட்ச விலை, அதற்குக் கீழே பொடி எழுத்தில் தயாரான மாதமும் வருடமும். அந்த வரி கட்டை விரலுக்கு அடியில் போகிற மாதிரி பெட்டியைப் பிடித்து, முன்பக்கப் படத்தை வாடிக்கையாளர் பக்கம் காட்ட வேண்டும். முதலாளி இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் பிடிப்பதைப் பார்த்து நாங்கள் பிடித்தோம். யாரும் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்தோம்.

விற்காமல் தங்கிப்போன பீஸுக்கு எங்கள் கடையில் ‘ஊறுகாய்’ என்று பெயர். “மேல எத்தனை ஊறுகாய் இருக்கு?” என்று முதலாளி கேட்பார். மேல் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருந்த பரண். சித்திரை வெயிலில் அங்கே ஏறி இறங்கினால் சுடிதார் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். போன்கள் மட்டும் அங்கே வருடக்கணக்கில் இருந்தன. புது மாடல் வந்ததும் பழைய மாடலை யாரும் கேட்பதில்லை. கேட்காததை எப்படியாவது தள்ளிவிட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த அக்கா ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தார். பொழிச்சலூர்க்காரர். ஒரு தனியார் பள்ளியின் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. மகள் பிளஸ் டூ. டியூஷன் சென்டரில் பாடத்தையெல்லாம் வீடியோவாகத்தான் அனுப்புகிறார்கள், அதற்கு ஒரு போன் வேண்டும் என்றார்.

“எனக்கு ஒண்ணியும் தெரியாது பாப்பா. நல்லதா நீயே பாத்துக் குடு.”

நீயே பார்த்துக் கொடு என்கிறவர்களுக்குத்தான் எங்கள் கடையில் ஊறுகாய் போகும். நான் பரணில் ஏறி ஒன்றை எடுத்து, தூசியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போதே ஸ்டிக்கரைப் பார்த்தேன். தயாராகி இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. விரல் தானாக அந்த இடத்துக்குப் போய்விட்டது.

அக்கா அப்படியொன்றும் ஏமாளி இல்லை. பெட்டியின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா பாப்பா, அட்டை மங்கனா மாதிரி கீதே? பழசா?” என்று கேட்டார்.

“சீல் பிரிக்காதது எப்படிக்கா பழசாகும்? நீங்களே பிரிங்க” என்றேன்.

நல்ல வாக்கியம் அது. பலமுறை விற்றுக் கொடுத்திருக்கிறது. அக்காவே நகத்தால் சீலைக் கிழித்தார். போன் பளபளவென்று இருந்தது. பொத்தானை அழுத்தினேன். உயிர் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. புதுப் போனை ஓரளவு சார்ஜ் போட்டுத்தான் கம்பெனி அனுப்பும், பிரித்த உடனே உயிர் வரும். இது பெட்டிக்குள்ளேயே சொட்டுச் சொட்டாக இறங்கி, அடிமட்டத்துக்குப் போயிருந்தது. சீல் காற்றையும் தூசியையும் தடுக்கும், காலத்தைத் தடுக்காது. பயன்படுத்தினாலும் சரி, படுக்க வைத்தாலும் சரி, பேட்டரிக்கு வயதாகும். அதுவும் அந்தப் பரண் சூட்டில் சீக்கிரமே ஆகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்: “புது போன்னா இப்படித்தான்கா, சார்ஜ் இல்லாம வரும்.”

கடை சார்ஜரில் போட்டு, கம்பெனிப் பெயர் திரையில் வர நெடுநேரம் ஆனது. அதுவரை அக்காவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பேக் கவரும் திரைக்கண்ணாடியும் இலவசமாகப் போட்டேன். பில் கொடுத்தேன். “ஒரு வருஷம் வாரண்டி. பில்லை மட்டும் தொலைச்சிடாதீங்க” என்றேன். அக்கா என் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரலைச் சொடுக்கித் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார். “ஊறுகாய் போச்சா?” என்றார் முதலாளி. போச்சு என்றேன்.

ஏழு மாதம் கழித்து அக்கா மறுபடி வந்தார். கையில் பிக் ஷாப்பர் பை. பைக்குள் போன், பெட்டி, வெற்றுக் காகிதமாகிவிட்ட பில். எங்கள் கடை பில் சூட்டில் அச்சாகிற காகிதம். பீரோவில் பத்திரமாகத்தான் வைத்திருந்தாராம். எழுத்து எல்லாம் பறந்துபோயிருந்தது.

“சர்வீஸ் சென்டருக்குப் போனேன் பாப்பா. காலைல சார்ஜ் ரொப்பினா பன்னெண்டு மணிக்கெல்லாம் காலியாவுது. முப்பது காட்டிகினு இருக்கும், பொட்டுனு ஆஃப் ஆயிடும். அங்க ஒருத்தன் கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு வாரண்டி முடிஞ்சி எப்பவோ ஆச்சுன்றான். நான் வாங்கியே ஏழு மாசம்தானேன்னு சண்டை போட்டேன். இது பழைய பீஸுமா, பில்லு இருந்தா எட்த்துகினு வான்னான். நல்லா கேட்டுட்டேன் அவன. சீலை நானே பிரிச்சேன், அந்தப் பொண்ணு அப்படிலாம் பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

எனக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கம்ப்யூட்டருக்குள் வைத்துக்கொண்டேன். சர்வீஸ் சென்டர் ஆள் சொன்னது சரி. பில் இல்லையென்றால் அந்தக் கம்பெனி போன் தயாரான தேதியிலிருந்து கணக்குப் போடும். பில் இருந்தால் வாங்கிய தேதியிலிருந்து. அக்காவின் பெயரைத் தட்டிப் பழைய பில்லைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த ஐஎம்இஐயைப் பெட்டியோடு ஒப்பிட்டேன். இந்த முறை எழுத்து பறக்காத வெள்ளைத் தாளில் அச்செடுத்து, கடை முத்திரையும் வைத்தேன்.

“இதைக் காட்டுங்கக்கா. இன்னும் அஞ்சு மாசம் வாரண்டி இருக்கு. பேட்டரியை டெஸ்ட் பண்ணுவாங்க. அவங்க அளவுக்குக் கீழ இருந்தா மாத்திக் குடுத்துடுவாங்க.”

அத்தோடு முடிந்திருக்கும். அக்கா கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார், நானும் அடுத்த ஆளைக் கவனித்திருப்பேன். ஆனால் அக்கா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“உன்னாண்ட மட்டும் சொல்றேன் பாப்பா. இந்தப் பேட்டரிய கெடுத்தது என் பொண்ணுதான். ராப்பகலா வீடியோ பாத்து, சார்ஜ் போட்டுகினே பாத்து கெடுத்துடுச்சு. கேட்டா பாடம்தான் பாத்தேன்னு பொய். அடிச்சிட்டேன். போனையும் புடுங்கி வச்சிட்டேன். ரெண்டு மாசம் ஆவுது, என்னாண்ட பேசறதே இல்ல. ஒரே வூட்டுல இருந்துகினு, சோறு வேணுமான்னா தலைய மட்டும் ஆட்டுது. நீ குடுத்தது நல்ல போனு. எங்க கையிலதான் நிக்கல.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த நல்ல பொருளைக் கெடுத்துவிட்டதற்காக.

முதலாளி நான்கு அடி தள்ளி ஒருவருக்கு ஹெட்போன் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. பையிலிருந்து பெட்டியை எடுத்தேன். ஸ்டிக்கரைத் திருப்பி, விரலை எடுத்துவிட்டுக் காட்டினேன்.

“அக்கா, இது தயாரான மாசம். நீங்க வாங்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே செஞ்சது. எங்க பரண்ல வெயில்ல கிடந்தது. அதனாலதான் பேட்டரி இப்படி. உங்க பொண்ணு கெடுக்கல. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

அக்கா பெட்டியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“எனக்குப் படிக்கத் தெரியும் பாப்பா” என்றார். “நம்பர்லாம் படிப்பேன். அன்னைக்கே நீ காட்டியிருந்தா படிச்சிருப்பேனே.”

பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “இத என்னாண்ட சொல்லாத. எம் பொண்ணாண்ட வந்து சொல்லு” என்று முகவரியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குள் எட்டிப் பார்த்த முதலாளி, “என்ன பிரச்சினை?” என்றார். “ஊறுகாய் கெட்டுப்போச்சு” என்றேன். சிரித்தார். அவர்மேல் வந்த கோபத்தைவிட, அதே சிரிப்பை நானும் எத்தனை முறை சிரித்திருக்கிறேன் என்கிற எரிச்சல்தான் அதிகம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பல்லாவரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் போகும்போது பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். அதைப் பரணில் நானா வைத்தேன், கடைதானே, முதலாளிதானே, எல்லாக் கடையிலும் இப்படித்தானே. ஒத்திகையில் எல்லாம் எடுப்பாகத்தான் இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை வீடு. அக்கா கதவைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். பெண் தரையில் உட்கார்ந்து, யாரிடமோ கடன் வாங்கிய நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. வீடியோவில் பார்க்க வேண்டிய பாடத்தைக் கையால் எழுதி எடுக்கிறது என்று எனக்கு உடனே புரிந்தது. நான் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தேன்.

“நான் அந்தக் கடையில வேலை செய்யறேன்மா. உங்க அம்மாவுக்குப் போன் வித்தது நான்தான். அது பழைய ஸ்டாக். செஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு வித்தேன். பேட்டரி போனது உன்னால இல்ல.”

அந்தப் பெண் பேனாவை நோட்டின் நடுவில் வைத்து மூடியது. அழவில்லை. என்னை நன்றாகப் பார்த்தது.

“எனக்குத் தெரியும்க்கா. பாக்ஸ்ல போட்டிருந்துச்சே. வாங்கின மறுநாளே பாத்தேன். சார்ஜ் நிக்கலன்னு அம்மா கத்தினப்ப அதைத்தான் காட்டினேன். பழைய போன்மா, ஏமாத்திட்டாங்கன்னு சொன்னேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“‘சீலு பிரிக்காதது எப்படிடி பழசாவும், கடைல அந்தப் பொண்ணு சொல்லிச்சு’ன்னு கேட்டுது. கேட்டுட்டுத்தான் அடிச்சுது.”

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். என் வாக்கியம் அந்தச் சின்ன அறைக்குள் எனக்கு முன்னாலேயே வந்து, உண்மை சொன்ன பிள்ளையைப் பொய்க்காரியாக்கியிருந்தது. ஆட்டோவில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டேன்.

“நான் சொன்னது பொய்” என்றேன். “உங்க அம்மா என்னை நம்பினாங்க. நீ சொன்னதுதான் நிஜம்.”

பெண் தலையைத் திருப்பி, அம்மாவின் முதுகைப் பார்த்துக் கேட்டது.

“கேட்டியாம்மா?”

இரண்டு மாதத்தில் அது அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை.

“கேட்டேன்” என்றார் அக்கா. திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பெண் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை.